ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை நெபுலைசர் வைத்தது ஏன்?

"டாக்டருக்கு வணக்கம். என் மகளுக்கு 5 வயசு, 16 கிலோ. ரெண்டு வருஷமா வீசிங் தொந்தரவு உண்டு. போன மாசம் ஒரு நாள் ராத்திரி மூச்சுவிட ரொம்பத் திணறினாள். ஆஸ்பத்திரியில ஒரு மணி நேரத்துக்குள்ள மூணு தடவை ரெண்டு மருந்து கலந்து புகை வெச்சாங்க. முதல் தடவை வெச்சதும் வீசிங் சத்தம் முன்னைவிட அதிகமாச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது. நான் பயந்துபோய்க் கேட்டா, 'நல்லாத்தான் போகுது'ன்னு டாக்டர் சொன்னார். வார்டுக்கு மாத்தினதும் ஒரு மருந்தை நிறுத்திட்டாங்க. ஏன் இப்படி? அந்த ரெண்டு மருந்தும் கலந்த ரெஸ்பியூல்னு சின்னப் பிளாஸ்டிக் குப்பி கடையில கிடைக்குது, வீட்டுல நெபுலைசர் மெஷினும் இருக்கு. அடுத்த தடவை நாங்களே மூணு தடவை வைக்கலாமா? கேஸ் ஷீட் நகல் அனுப்பியிருக்கேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். அதை எழுதியவர் நேரத்தோடு எழுதியிருக்கிறார். அதனால் உங்கள் கேள்விகளுக்கு அதை வைத்தே பதில் சொல்லிவிடலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இரவு 9.10-க்கு உங்கள் மகளை உள்ளே கொண்டுவந்தபோது ஆக்ஸிஜன் அளவு 89 சதவீதம். நிமிடத்துக்கு 52 முறை மூச்சு, 148 முறை நாடித்துடிப்பு. விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்துக்கொண்டிருந்தது. ஒரே மூச்சில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. அடுத்த வரிதான் முக்கியம்: 'இரண்டு பக்கமும் காற்று குறைவாகவே போகிறது, வீசிங் மெல்லியதாகக் கேட்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள்.

5 வயது வரையுள்ள பிள்ளைக்கு மூச்சு 40-ஐத் தாண்டுவது, நாடி 140-ஐத் தாண்டுவது, ஆக்ஸிஜன் 92-க்குக் கீழே இறங்குவது, வாக்கியம் முழுதாகச் சொல்ல முடியாமல் போவது ஆகியவை கடுமையான ஆஸ்துமா தாக்குதலின் அடையாளங்கள். உங்கள் மகளுக்கு இவை எல்லாமே இருந்தன.

வீசிங் என்பது குறுகிப்போன குழாய் வழியே காற்று பீறிட்டுப் போகும்போது வரும் சத்தம். காற்று போனால்தான் சத்தம் வரும். குழாய்கள் ரொம்பவும் இறுகிவிட்டால் சத்தம் எழுப்பக்கூடக் காற்று இருக்காது. மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையின் மார்பு அமைதியாக இருந்தால்தான் எங்களுக்குக் கை நடுங்கும். முதல் டோஸுக்குப் பிறகு வீசிங் பலமாகக் கேட்டது என்றால், அடைத்துக் கிடந்த இடங்களுக்குள் காற்று போக ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக அப்படிச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு வரி விளக்கியிருந்தால் உங்களுக்கு அன்றைக்கு இந்தப் பயம் இருந்திருக்காது. அவசரப் பிரிவில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்போது மருந்துக்கு வருவோம். நெபுலைசர் கிண்ணத்தில் ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஊற்றியது: சால்புடமால் கரைசல் அரை மில்லி, அதாவது 2.5 மி.கி.; இப்ராட்ரோபியம் 1 மில்லி, அதாவது 250 மைக்ரோகிராம்; சலைன் 2 மில்லி. மொத்தம் மூன்றரை மில்லி. 20 கிலோவுக்குக் குறைவான பிள்ளைக்கு வழக்கமான அளவு இது. சலைன் எதற்கு என்றால், கிண்ணத்தின் அடியில் ஏறக்குறைய ஒரு மில்லி எப்போதும் புகையாகாமல் தங்கிவிடும். மருந்தை மட்டும் ஒன்றரை மில்லி ஊற்றினால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். சலைனுக்குப் பதில் வெறும் தண்ணீர் கலக்கக் கூடாது. அதுவே மூச்சுக்குழாயைச் சுருங்கவைக்கும்.

இரண்டு மருந்தும் ஒரே தசையைத்தான் தளர்த்துகின்றன, ஆனால் வழி வேறு. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையைச் சால்புடமால் நேரடியாகத் தளரச் செய்கிறது. ஐந்து நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். 'சுருங்கு' என்று நரம்பு வழியே அந்தத் தசைக்கு வரும் கட்டளையை இப்ராட்ரோபியம் மறிக்கிறது. இது மெதுவான மருந்து, முழுப் பலன் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதனால் இதைத் தனியாகக் கொடுப்பதில்லை, சால்புடமாலோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். மிதமான, கடுமையான தாக்குதலோடு வரும் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், வார்டில் சேர்க்க வேண்டிய தேவை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லேசான வீசிங்குக்கு இப்ராட்ரோபியம் சேர்ப்பதால் பெரிய லாபம் இல்லை.

குழாயின் உட்சுவர் வீங்கியிருப்பதையும் உள்ளே சளி அடைத்திருப்பதையும் இந்த இரண்டு மருந்துமே சரிசெய்யாது. அது ஸ்டீராய்டின் வேலை. 9.20-க்கு பிரட்னிசலோன் 20 மி.கி. வாய்வழியாகக் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. முதல் நெபுலைசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுத்திருக்கிறார்கள். அது வேலை செய்ய நாலு மணி நேரம் போல ஆகும். அதுவரை பிள்ளை களைத்துப்போகாமல் கொண்டுசெல்வதுதான் நெபுலைசரின் பொறுப்பு. வாய்வழிக்குப் பதில் ஊசியாகப் போட்டிருக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். பிள்ளை வாந்தி எடுக்காமல் விழுங்க முடிகிறது என்றால் இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

சரி, ஏன் மூன்று தடவை? ஒரே தடவையில் மூன்று மடங்கு ஊற்றி முடித்துவிடக் கூடாதா?

புகையாக வரும் மருந்து காற்றோடு போகிறது. காற்று போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. நல்ல நிலையிலேயே கிண்ணத்தில் ஊற்றியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நுரையீரலுக்குள் போய்ச் சேரும். திணறுகிற சின்னப் பிள்ளைக்கு அதிலும் குறைவு. முதல் டோஸ் ஏற்கெனவே ஓரளவு திறந்திருக்கும் குழாய்களுக்குத்தான் போகும். அவை இன்னும் கொஞ்சம் விரிந்த பிறகு வரும் இரண்டாவது டோஸ் அதற்கு அடுத்த கிளைகளை எட்டும், மூன்றாவது இன்னும் உள்ளே போகும். கால்வாயில் முதல் மடை திறந்த பிறகுதான் அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகும், அது மாதிரி. அதனால்தான் 20 நிமிடத்துக்கு ஒன்றாக முதல் மணி நேரத்தில் மூன்று. ஒரு டோஸ் புகையாகி முடியப் பத்து நிமிடம் போல ஆகும். அப்புறம் சில நிமிடம் விட்டுப் பிள்ளையைச் சோதித்து, குறித்துக்கொண்டு, அடுத்ததைத் தொடங்கினால் கணக்குச் சரியாக இருக்கும். மூன்று தடவை தேவைப்பட்டதால் மருந்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமையான தாக்குதலில் ஆரம்பத்திலேயே மூன்று என்று முடிவு செய்துதான் தொடங்குகிறோம்.

இடையில் அவர்கள் சோதித்ததைப் பாருங்கள்.

9.30, முதல் டோஸுக்குப் பிறகு: ஆக்ஸிஜன் கொடுத்தபடி 94 சதவீதம், மூச்சு 48, நாடி 156, வீசிங் பலமாகக் கேட்கிறது. 9.50, இரண்டாவதுக்குப் பிறகு: மூச்சு 42, நாடி 164, ஒரே மூச்சில் நாலைந்து வார்த்தை. 10.30, மூன்றாவதுக்குப் பிறகு: மூச்சு 36, நாடி 160, ஆக்ஸிஜனோடு 96 சதவீதம், முழு வாக்கியம் பேசுகிறாள், தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

மற்றதெல்லாம் சீராகிக்கொண்டிருக்க, நாடி மட்டும் ஏறியிருக்கிறது. நீங்கள் பார்த்துப் பயந்த படபடப்பு இதுதான். சால்புடமாலின் இயல்பே அது. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும், கையைக் கொஞ்சம் நடுங்க வைக்கும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆகவே தாக்குதலின் ஆரம்பத்தில் நாடி எங்களுக்கு உதவும் அளவுக்கு, இரண்டாவது டோஸுக்குப் பிறகு உதவாது. நாடி ஏறியிருக்கிறது என்பதற்காக மருந்தை நிறுத்துவதும் தவறு. மூச்சுத்திணறல் குறையக் குறைய, டோஸ்களுக்கு இடைவெளி கூடக் கூட, அது தானாக இறங்கும். பொட்டாசியத்தை மட்டும் நெபுலைசர் அடிக்கடி தேவைப்படும் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் பார்த்துக்கொள்வோம்.

அப்படியானால் எதைப் பார்க்கிறோம்? சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுகிறோம். விலா இடுக்கும் கழுத்துக்குழியும் எவ்வளவு உள்ளே போகின்றன என்று பார்க்கிறோம். ஸ்டெதஸ்கோப்பில் வீசிங்கைவிட, நுரையீரலின் அடிப்பக்கம் வரை காற்று வருகிறதா என்பதைத்தான் கேட்கிறோம். பெயர் கேட்டுப் பேச்சுக் கொடுக்கிறோம். 'சாப்டியா' என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாளா, 'சாப்டலை, எனக்கு வேண்டாம்' என்று முழுதாகச் சொல்கிறாளா? எந்த மெஷினும் தராத தகவல் அது. இவை எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தால்தான் முன்னேற்றம் என்று எழுதுவோம்.

ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் கவனம். மூச்சு 52-லிருந்து 30-க்கு இறங்குகிறது, ஆனால் பிள்ளை கண் சொருகிக் கிடக்கிறது, கூப்பிட்டால் எரிச்சல்கூடப் படவில்லை என்றால் அது முன்னேற்றம் இல்லை, களைப்பு. மூச்சு இழுக்கும் தசைகள் கைவிட ஆரம்பிக்கின்றன, உள்ளே கரியமிலவாயு தேங்குகிறது. 'அப்பாடா, பிள்ளை தூங்கிவிட்டது' என்று வீட்டில் நினைக்கும் இடம் இதுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. நிறைய சால்புடமால் போன பிறகு சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலம் ஏறும். அதை ஈடுகட்ட உடம்பு மூச்சை வேகப்படுத்தும். நுரையீரலில் காற்று நன்றாகப் போகிறது, வீசிங் குறைந்துவிட்டது, மூச்சு மட்டும் வேகமாக இருக்கிறது. ஆஸ்துமா இன்னும் அடங்கவில்லை என்று நினைத்து மேலும் சால்புடமால் கொடுத்தால் அது இன்னும் ஏறும். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் பிடிபடும். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மூன்று டோஸுக்குப் பிறகும் உங்கள் மகளுக்குத் தேறவில்லை என்றால், அடுத்தது நரம்பு வழியே மெக்னீசியம் சல்பேட். கிலோவுக்கு 40 முதல் 50 மி.கி. வரை, 20 நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவோம். கூடவே சால்புடமாலை இடைவிடாமல் கொடுப்போம். ஐசியூவுக்குத் தகவல் போயிருக்கும். அந்தக் கட்டம் அவளுக்கு வரவில்லை.

வார்டில் ஒரு மருந்தை நிறுத்தினார்களே, அது இப்ராட்ரோபியம். மருந்து தீர்ந்துபோனதாலோ அலட்சியத்தாலோ நடந்தது இல்லை. அதன் பலன் ஆரம்ப மணி நேரங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. சால்புடமாலும் ஸ்டீராய்டும் பெற்றுக்கொண்டு வார்டில் இருக்கும் குழந்தைக்கு அதைத் தொடர்ந்து கொடுப்பதால் சீக்கிரம் குணமாவதில்லை. அதனால் சால்புடமாலை மட்டும் முதலில் மணிக்கு ஒன்று, பிறகு இரண்டு மணிக்கு ஒன்று, விடிந்த பிறகு நாலு மணிக்கு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இடைவெளி நாலு மணி நேரம் தாங்கி, ஆக்ஸிஜன் குழாய் இல்லாமலே 94-க்கு மேல் நின்றதும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இனி வீட்டு நெபுலைசர். அந்த மெஷின் அறையில் இருக்கும் காற்றைத்தான் தள்ளும். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் ஆக்ஸிஜனைக் கொண்டு புகையாக்கினார்கள். சால்புடமால் குழாய்களை மட்டும் விரிப்பதில்லை, நுரையீரலின் ரத்தக் குழாய்களையும் விரிக்கும். காற்று சரியாகப் போகாத பகுதிக்கும் அப்போது ரத்தம் அதிகமாகப் பாய்ந்து, ஆக்ஸிஜன் எடுக்காமலே திரும்பிவரும். அதனால் டோஸ் கொடுத்த சில நிமிடங்களுக்கு ஆக்ஸிஜன் அளவு கொஞ்சம் இறங்கலாம். 97-ல் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 89-ல் இருக்கும் பிள்ளைக்கு அப்படி இல்லை.

கலப்பு ரெஸ்பியூலைப் பற்றி. கடையில் கிடைப்பதன் லேபிளைப் படித்துப் பாருங்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் இரண்டரை மில்லி ரெஸ்பியூலில் லெவோசால்புடமால் 1.25 மி.கி.யும் இப்ராட்ரோபியம் 500 மைக்ரோகிராமும் இருக்கும். லெவோசால்புடமால் 1.25 என்பது சாதாரணச் சால்புடமால் 2.5-க்குச் சமம், அதனால் அந்தப் பக்கம் சரி. இப்ராட்ரோபியம் உங்கள் மகளுக்கு எழுதியதைப்போல இரு மடங்கு. இது ரத்தத்தில் அதிகம் கலக்காத மருந்து, ஒரு தடவை கூடிப்போனால் ஆபத்தாகிவிடாது. ஆனால் மாஸ்க் முகத்தில் சரியாகப் படியாமல் மேல்பக்கம் புகை கசிந்தால் கண்ணில் பட்டு, கருவிழியின் நடுவில் உள்ள பாப்பா விரிந்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் பாப்பா பெரிதாக இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் மூளையில் ஏதோ கோளாறோ என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் பதறுவார். நெபுலைசர் வைத்தீர்களா என்று கேட்ட பிறகுதான் மூச்சு வரும்.

மாஸ்க்கைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அழுகிறது என்று மாஸ்க்கை முகத்திலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, 'புகை படுதுல்ல, போதும்' என்று விடுவார்கள். அதில் உள்ளே போவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பெற்றோர் கணக்கில் மூன்று டோஸ் போயிருக்கும், பிள்ளையின் கணக்கில் அரை டோஸ்கூட இருக்காது. மடியில் உட்காரவைத்து, மூக்கையும் வாயையும் மூடும்படி மாஸ்க்கைப் படியவைத்து, கிண்ணத்தை நிமிர்ந்த நிலையில் பிடிக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் மூன்று டோஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் வேறு. மருந்து அரைகுறையாக வேலை செய்யும். வைத்ததும் ஒரு மணி நேரம் பரவாயில்லை, அப்புறம் மறுபடி இளைப்பு, மறுபடி ஒன்று. வீக்கமும் சளியும் உள்ளே கூடிக்கொண்டே போக, மேலே தசை மட்டும் தளர்ந்து தளர்ந்து இறுகும். ஆறு மணி நேரம் இப்படி இழுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஸ்டீராய்டு ஆறு மணி நேரம் தாமதம். எங்களிடம் ரொம்ப மோசமான நிலையில் வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் நெபுலைசர் வைத்திருப்பவர்கள்தான்.

வீட்டில் உங்களுக்கு வேண்டியது சால்புடமால் இன்ஹேலரும், அதன் மருந்தைப் பிடித்துவைத்து இழுக்க உதவும் குழாயான, மாஸ்க் பொருத்திய ஸ்பேசரும். லேசான, மிதமான இளைப்புக்கு அது நெபுலைசருக்குக் குறைந்ததே இல்லை. குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, மாஸ்க்கைப் படியவைத்து ஐந்து மூச்சு இழுக்கவிடுங்கள். அரை நிமிடம் கழித்து அடுத்த பஃப். ஒவ்வொன்றாகத்தான், இரண்டு மூன்றை ஒரே தடவையில் அழுத்தினால் ஸ்பேசரின் சுவரில்தான் படியும். இளைப்பு அடங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம், அதிகபட்சம் பத்து பஃப். பத்திலும் அடங்கவில்லை என்றால், அல்லது அடங்கியது நாலு மணி நேரம் தாங்கவில்லை என்றால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பேச முடியவில்லை, உதடு நீலம், சோர்ந்து கிடக்கிறாள் என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 108-க்கு அழையுங்கள், வண்டி வரும்வரையும் போகும் வழியிலும் பஃப் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஸ்பேசர் கையில் இல்லை, வீட்டு நெபுலைசர்தான் இருக்கிறது என்றால் அதில் சால்புடமால் வைத்துக்கொண்டே வண்டிக்குக் காத்திருங்கள், அதில் தப்பில்லை. வைத்துவிட்டு 'எப்படி இருக்கிறது பார்க்கலாம்' என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் தப்பு.

போய்ச் சேர்ந்ததும் எத்தனை மணிக்கு எத்தனை பஃப் கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் டோஸ் எங்கிருந்து தொடங்குகிறது, ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய அது எங்களுக்கு உதவும்.

கேஸ் ஷீட்டில் ஒன்றை மட்டும் தேடினேன், காணவில்லை. தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு வருடமாக வீசிங் இருந்து, இந்த அளவுக்குத் தாக்குதல் வந்த பிள்ளைக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவையா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே உங்கள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், ஸ்பேசரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முன்னாலேயே மகளுக்கு ஒரு பஃப் கொடுத்துக் காட்டி, முறை சரியா என்று கேளுங்கள். எத்தனை பஃப், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவள் எடையோடு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொரு நகல் கொடுத்துவிடுங்கள்.